பொதுச் சுவரும் மேல்தளமும்: சத்தத்தைக் குறைக்கும் இடைவெளி, கூட்டிவிடும் இடைவெளி

பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்கிறதென்று பொதுச் சுவரில் ஜிப்சம் போர்டு ஒட்டிவிட்டு, வேலை முடிந்த இரவே ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. பேச்சு நிற்காதது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆண்குரலின் அடித்தொனி முன்பைவிடக் கனத்துக் கேட்கும். வீட்டில் மற்றவர்கள் பிரமை என்பார்கள். பிரமை இல்லை. செங்கல் சுவருக்கும் ஒற்றைப் போர்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் காற்றை அடைத்துவைத்தால், அந்த அமைப்பு 200 ஹெர்ட்ஸை ஒட்டித் தாராளமாக அதிரும். மனிதக் குரலின் அடிப்பகுதி இருப்பதும் அங்கேதான். அதே சுவரில் அதே போர்டை வேறு இடைவெளியில் வைத்தால் பலன் தலைகீழாக மாறும். ஏன் என்று புரிந்துகொண்டால் சுவர், தளம், ஃபால்ஸ் சீலிங் எல்லாவற்றிலும் எது வேலை செய்யும், எது காசுக்குக் கேடு என்று நாமே கணிக்கலாம்.

முதலில் ஒரு விஷயத்தை ஒதுக்கிவிடுவோம். சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்சும் முட்டை அட்டையும் அடுத்த வீட்டுச் சத்தத்தைத் தடுக்காது. அறைக்குள் எதிரொலியைக் குறைப்பதோடு ஸ்பாஞ்சின் வேலை முடிந்தது. முட்டை அட்டை அதையும் உருப்படியாகச் செய்வதில்லை. சத்தம் சுவரைக் கடப்பதைத் தடுக்க வேண்டுமானால் எடை வேண்டும், அல்லது எடைகளைப் பிரித்துவைக்கும் இடைவெளி வேண்டும்.

எடையின் கணக்கு எளிது. பேச்சோ தொலைக்காட்சியோ காற்றை அசைக்கிறது, காற்று சுவரை அசைக்கிறது, சுவர் மறுபுறக் காற்றை அசைக்கிறது. சுவர் கனமாக இருந்தால் அசைவு குறையும். எடை இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும் என்பது ஏட்டுக்கணக்கு. நடைமுறையில் 5 கிடைத்தால் சரி. இரு பக்கமும் பூசிய 115 மி.மீ. செங்கல் சுவரின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 230 கிலோ. அது ஏறத்தாழ 45 டெசிபெலைத் தடுக்கும். அடுத்த வீட்டில் உரக்கப் பேசினால் வார்த்தைகள் புரியும் நிலை இது. சுவரை 230 மி.மீ. ஆக்கினால் 50-ஐ ஒட்டி வரும். காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்ற 10 டெசிபெல் குறைய வேண்டும். எடையை மட்டும் நம்பி 45-லிருந்து 55-க்குப் போக வேண்டுமென்றால் எடை நான்கு மடங்காக வேண்டும். அது ஏறத்தாழ 40 செ.மீ. தடிமனுள்ள காங்கிரீட் சுவர். குடியிருக்கிற வீட்டில் யாரும் அதைக் கட்டப்போவதில்லை.

இங்கேதான் இடைவெளி உதவிக்கு வருகிறது. சுவருக்கு முன்னால், அதைத் தொடாமல் இன்னொரு மெல்லிய சுவரை நிறுத்தினால் சத்தம் இரண்டு தடைகளைத் தனித்தனியாகத் தாண்ட வேண்டியிருக்கும். ஆனால் நடுவில் அடைபட்ட காற்று சும்மா இருப்பதில்லை. அது ஒரு ஸ்பிரிங். இரண்டு பக்கமும் இரண்டு எடைகள், நடுவில் ஸ்பிரிங். இப்படிப்பட்ட எந்த அமைப்புக்கும் தனக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. அதற்கு வெகு கீழே உள்ள ஒலிக்கு இரண்டு எடைகளும் ஒன்றாகவே ஆடும், இடைவெளி இருப்பதாகவே தெரியாது. சரியாக அந்த அதிர்வெண்ணில் வரும் ஒலி, முன்சுவர் இல்லாத காலத்தைவிடச் சுலபமாகக் கடந்துபோகும். அதன் ஒன்றரை மடங்கைத் தாண்டிய பிறகே லாபம் தொடங்கும். அங்கிருந்து மேலே போகப்போக லாபம் வேகமாக ஏறும். ஆகவே முழு வேலையும் அந்த அதிர்வெண்ணை எவ்வளவு கீழே தள்ளுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. வாய்பாடு இது:

```
f0 = 60 × √( (m1 + m2) / (m1 × m2 × d) )
```

m1, m2 இரண்டும் இரு அடுக்குகளின் எடை, சதுர மீட்டருக்குக் கிலோவில். d இடைவெளி, மீட்டரில். விடை ஹெர்ட்ஸில் வரும்.

நம் 230 கிலோ சுவரையே எடுத்துக்கொள்வோம். 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு ஒன்று ஏறத்தாழ 9 கிலோ. பசை உருண்டைகளை வைத்து ஒட்டினால் பின்னால் 10 மி.மீ. காற்று நிற்கும். கணக்குப் போட்டால் 204 ஹெர்ட்ஸ். போர்டை இரட்டை அடுக்காக்கி 18 கிலோவும், இடைவெளியை 25 மி.மீட்டரும் ஆக்கினால் 93. அதே இரட்டைப் போர்டை 75 மி.மீ. தள்ளி நிறுத்தினால் 54 ஹெர்ட்ஸ். சாதாரணப் பேச்சு முழுவதும் இதற்கு மேலேதான் இருக்கிறது. ஐரோப்பாவில் கட்டட ஒலிக் கணக்குக்குப் பயன்படும் இ.என். 12354 தரத்தில் இதை டெசிபெலாக மாற்றும் அட்டவணை இருக்கிறது. 45 டெசிபெல் சுவருக்கு முன்னால் இந்த அதிர்வெண் 80-க்குக் கீழே இருந்தால் 12 டெசிபெலுக்குச் சற்று மேல் லாபம். 200-ஐ எட்டினால் லாபம் மைனஸுக்குப் போய்விடும். 315-ல் 5 டெசிபெல் நஷ்டம்.

இடைவெளிக்குள் கண்ணாடி இழைப் பஞ்சோ ராக்வூலோ வைப்பது எதற்கு? அது சத்தத்தை நிறுத்துவதில்லை. உள்ளே எதிரொலித்து நிற்கும் அலைகளை அடக்குகிறது, காற்று ஸ்பிரிங்கையும் சற்றே மென்மையாக்குகிறது. திணித்து அடைக்க வேண்டியதில்லை, தளர்வாக நிரம்பியிருந்தால் போதும். அதற்குப் பதிலாகத் தெர்மகோல் பலகையை இரு பக்கமும் பசைபோட்டு ஒட்டுவது மோசமான யோசனை. தெர்மகோல் காற்றைவிட விறைப்பான ஸ்பிரிங். அதிர்வெண் மேலே ஏறி மறுபடியும் பேச்சுக்குள் வந்து விழும். வெப்பத்துக்கு நல்ல பொருள் என்பதால் சத்தத்துக்கும் நல்லது என்று நினைப்பதால் வரும் வினை இது. ஏற்கெனவே இப்படி ஒட்டிய போர்டு சுவரில் இருந்தால், அதன்மேலேயே புது ஃபிரேம் போடாமல் முதலில் அதைப் பெயர்த்துவிட வேண்டும். மூன்று அடுக்கு, இரண்டு குறுகிய இடைவெளி என்று ஆனால் அடித்தொனியில் நிலைமை இன்னும் கெடும்.

கட்டும்போது எங்கே கெடுகிறது

தனி ஃபிரேம் என்றால் உண்மையிலேயே தனி. 50 மி.மீ. உலோக ஃபிரேமைச் சுவரிலிருந்து 25 மி.மீ. தள்ளி நிறுத்த வேண்டும். தரையிலும் கூரையிலும் மட்டுமே அது பிடித்திருக்கலாம், அந்தப் பிடிமானத்தின் அடியிலும் ரப்பர் அல்லது ஃபோம் பட்டை வேண்டும். இப்படி நிறுத்திய ஃபிரேமை நடுவில் கைவைத்துத் தள்ளினால் லேசாக ஆடும். வேலை செய்கிறவருக்கு அது பொறுக்காது. “ஆடுதுங்க சார், நடுவுல ரெண்டு கிளாம்ப் போட்டுச் சுவரோட இறுக்கிடுறேன்” என்பார், நல்லெண்ணத்தில்தான். அந்த இரண்டு கிளாம்ப்தான் பாலம். ஸ்பிரிங் வழியாகப் போக வேண்டிய அதிர்வு இரும்பு வழியாக நேரே போய்விடும். உயரம் அதிகமென்றால் அகலமான ஃபிரேமை எடுக்கலாம், நெருக்கி வைக்கலாம். சுவரைப் பிடித்தே ஆக வேண்டுமென்றால் ரப்பர் வைத்த பிராக்கெட் கிடைக்கிறது. வெறும் இரும்பு கூடாது. இரண்டு போர்டையும் துளைத்துப் பின்னால் நீண்டு செங்கல்லைத் தொடும் ஸ்க்ரூவும், இடைவெளிக்குள் உதிர்ந்து அடியில் குவிந்த சிமென்ட் கலவையும் இதே கெடுதலைச் செய்யும்.

அடுத்தது பிளவு. 10 சதுர மீட்டர் சுவர், 50 டெசிபெல் தடுக்கிறது என்று வையுங்கள். அதாவது ஒலியாற்றலில் ஒரு லட்சத்தில் ஒரு பங்குதான் கடக்கிறது. சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு மி.மீ. பிளவு விட்டுப்போனால் அது 10 சதுர சென்டிமீட்டர் ஓட்டை. சுவரின் பரப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஓட்டை தன்மேல் விழுவதை அப்படியே விட்டுவிடும் என்று கொண்டால், முழுச் சுவரும் கடத்தியதைப்போல் பத்து மடங்கு அதன் வழியாகவே போகும். 50 டெசிபெல் சுவர் 40 ஆகிவிடும். சுவிட்ச் பெட்டிகள் இரு வீட்டிலும் முதுகோடு முதுகாக இருந்தால் அங்கும் இதே கதை. போர்டின் நான்கு ஓரத்திலும் 5 மி.மீ. விட்டு, இறுகிப்போகாத சீலன்டால் நிரப்ப வேண்டும். புட்டி போட்டால் சில மாதங்களில் விரிசல் விடும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் 12 டெசிபெல் முழுதாக வீட்டில் கிடைப்பது அபூர்வம். காரணம் சுற்றுவழி. அடுத்த வீட்டுச் சத்தம் பொதுச் சுவரை மட்டும் அசைப்பதில்லை. இரு வீட்டுக்கும் தொடர்ச்சியாக ஓடும் காங்கிரீட் தளத்தையும், வெளிச்சுவரையும் அசைக்கிறது. அவை நம் பக்கம் வந்து ஒலியை உமிழ்கின்றன. சுற்றுவழிகள் எல்லாம் சேர்ந்து 52 டெசிபெல் அளவுக்குத் தடுக்கின்றன என்று கொள்வோம். வேலைக்கு முன் சுவரின் 45-ஐயும் இந்த 52-ஐயும் சேர்த்தால் மொத்தத் தடுப்பு 44-ஐ ஒட்டி இருக்கும். சுவரை 57.5 ஆக்கிய பிறகு மொத்தம் 51. சுவரில் கிடைத்தது 12.5, காதுக்கு வந்தது 7 கூட இல்லை. இப்போது பெரிய வழி சுவர் இல்லை, சுற்றுவழிதான். இதன் பிறகு சுவரில் இன்னும் ஒரு போர்டு ஏற்றுவது வீண்செலவு.

இதை வேலைக்கு முன்பே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அடுத்த வீட்டாரைக் கேட்டுக்கொண்டு அங்கே வானொலியை ஒரே அளவில் பேசவிட்டு, நம் அறையில் ஒவ்வொரு பரப்பிலும் காதை ஒட்டிவைத்துக் கேளுங்கள்: பொதுச் சுவர், பக்கச் சுவர், தரை, குழாய் போகும் மூலை. சுவிட்ச் பெட்டி, கதவு, ஜன்னல் இடுக்குகளில் காதைச் சற்று விலக்கிக் கேட்டால் காற்றுவழிக் கசிவு தெரியும். பொதுச் சுவரில் மட்டும் தெளிவாகக் கேட்டால் மேற்சொன்ன ஃபிரேமுக்கு அர்த்தம் உண்டு. பக்கச் சுவரிலும் அதே அளவு கேட்டால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது.

மேலே நடப்பவர்

மேல்வீட்டுக் காலடிச் சத்தம் வேறு ஜாதி. பேச்சு காற்றைத் தள்ளி, காற்று சுவரைத் தள்ளுகிறது. குதிகால் நேராகக் காங்கிரீட்டையே அடிக்கிறது. ஆற்றல் உள்ளே இறங்கிய பிறகு எடையால் பெரிதாகத் தடுக்க முடியாது. இதை அளக்க ஒரு தட்டும் கருவி இருக்கிறது: அரைக் கிலோ எடையுள்ள ஐந்து சுத்தியல்கள், 4 செ.மீ. உயரத்திலிருந்து, நொடிக்கு மொத்தம் பத்து அடி. மேலே அதை ஓடவிட்டுக் கீழ்வீட்டில் சத்தத்தை அளப்பார்கள். இந்த அளவில் எண் குறைவாக இருந்தால்தான் நல்லது. 150 மி.மீ. வெறும் காங்கிரீட் தளம், சதுர மீட்டருக்கு 360 கிலோ, ஏறத்தாழ 75 டெசிபெல் காட்டும். புதிய அடுக்ககங்களில் இது 62-ஐத் தாண்டக்கூடாது என்பது இங்கிலாந்தின் கட்டட விதி. அளவுமுறையில் சிறு வித்தியாசம் இருந்தாலும் வெறும் தளம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை இது காட்டும். டைல்ஸை அதன்மேல் நேராகப் பதித்தால் பெரிய மாற்றம் ஒன்றும் இருக்காது.

மருந்து அடிக்கும் இடத்துக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவில் போக வேண்டும். தளத்தின்மேல் ஒரு நெகிழ்வான அடுக்கு. அதன்மேல் 50 மி.மீ. சிமென்ட் ஸ்க்ரீட், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ, அதன்மேல் டைல்ஸ். ஸ்க்ரீட் எதையும் தொடாமல் மிதக்கிறது. மறுபடியும் எடை, ஸ்பிரிங், எடை. கணக்கும் அதே மாதிரிதான், காற்றின் இடத்தில் இந்த அடுக்கின் விறைப்பு வருகிறது. தளத்துக்கென்றே வரும் 30 மி.மீ. கனிமப் பஞ்சுப் பலகை ஒன்றின் விறைப்பு கன மீட்டருக்கு 10 மெகாநியூட்டன் என்று வைத்துக்கொண்டால், அமைப்பின் அதிர்வெண் 57 ஹெர்ட்ஸ். 500 ஹெர்ட்ஸில் வரும் தட்டல் 28 டெசிபெல் குறையும். வெறும் தளத்தின் 75, ஏறத்தாழ 45 ஆகிவிடும். நாற்காலி இழுப்பது, செருப்புச் சத்தம், பாத்திரம் விழுவது எல்லாம் கீழ்வீட்டுக்கு ஏறக்குறைய மறைந்துவிடும்.

மாறாக லேமினேட் பலகையின் அடியில் விரிக்கும் மெல்லிய ஃபோமைப் பாருங்கள். மேலே இருக்கும் எடை 7 கிலோ, ஃபோம் பத்து மடங்கு விறைப்பு. அதிர்வெண் 600 ஹெர்ட்ஸுக்குப் போகிறது. செருப்பின் ‘டக்’ போகும், குதிகாலின் ‘தொம்’ அப்படியே இருக்கும். விளம்பரத்தில் வரும் ஒற்றை டெசிபெல் எண் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

மிதக்கும் தளத்தின் உயிர் ஓரத்தில் இருக்கிறது. பலகை விரிக்கும் முன் காங்கிரீட்டில் துருத்தும் சிமென்ட் கட்டிகளைச் செதுக்கிச் சமப்படுத்த வேண்டும், குழாய்கள் போனால் அவற்றையும் ஒரு சமன் அடுக்குக்குள் புதைத்துவிட வேண்டும். நான்கு சுவரோரமும் 10 மி.மீ. ஃபோம் பட்டை, டைல்ஸின் மேல்மட்டத்தையும் தாண்டி நிற்கும் உயரத்துக்கு. பலகையின்மேல் பாலித்தீன் தாள், ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி, டேப் ஒட்டி. ஈரக் கலவை இடுக்கில் ஒழுகி இறங்கினால் அது காய்ந்து கல் பாலமாகிவிடும். இதுவரை பெரும்பாலும் சரியாகச் செய்துவிடுகிறார்கள். கெடுவது கடைசி நாளில், டைல்ஸ் பதிக்கிறவர் கையில். துருத்தி நிற்கும் பட்டை அழகைக் கெடுக்கிறதென்று முதலிலேயே அறுத்துவிடுவார். இடுக்கில் கிரவுட் இறங்கும். பிறகு ஸ்கர்ட்டிங் டைலைத் தரையில் உட்காரவைத்துச் சுவரில் ஒட்டுவார். மிதந்த தளம் சுற்றிலும் சுவரோடு கட்டிப்போடப்படும், 30 டெசிபெலில் பெரும்பகுதி போய்விடும். சரியான வரிசை: டைல்ஸும் கிரவுட்டும் முடிந்த பிறகு பட்டையை அறுப்பது, ஸ்கர்ட்டிங்கைத் தரையிலிருந்து 3 முதல் 5 மி.மீ. தூக்கி ஒட்டுவது, அந்த இடைவெளியில் சீலன்ட் போடுவது.

பாலம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒருவர் மேலே மரச் சுத்தியலால் அறையின் நடுவிலும் பிறகு ஓரம் ஓரமாகவும் ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டே வரட்டும். இன்னொருவர் கீழே கேட்கட்டும். தளம் சரியாக மிதந்தால் எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி மங்கிக் கேட்கும். ஓரிடத்தில் சட்டென்று கூர்மையாகக் கேட்டால் பாலம் அதன் அருகில். பெரும்பாலும் கதவு நிலைக்கு அடியிலோ, குழாய் ஏறும் மூலையிலோ, ஸ்கர்ட்டிங்கிலோ இருக்கும். ஸ்கர்ட்டிங் என்றால் அடியில் மெல்லிய பிளேடால் அறுத்துவிட்டாலே பாதி சரியாகும்.

இதற்கு விலையும் உண்டு. தரை 9 செ.மீ. அளவுக்கு உயரும், கதவுகளை அறுக்க வேண்டும், சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் புதுச் சுமை ஏறும். இருக்கிற கட்டடத்தில் அந்தச் சுமையை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் தொடங்கக்கூடாது. அதனால்தான் மிதக்கும் தளம் கட்டும்போதே போட வேண்டிய ஒன்று. குடிவந்த பிறகு மேல்வீட்டில் செய்யக்கூடிய சுலபமான காரியம் தடித்த கம்பளம். அழகுப் பொருள் என்று அலட்சியமாகப் பார்க்கிறோம், ஆனால் அது தட்டொலியை 20 டெசிபெலுக்கு மேல்கூடக் குறைக்கும். பேச்சை மட்டும் கொஞ்சமும் தடுக்காது.

மேல்வீட்டார் ஒத்துழைக்காவிட்டால் கீழ்வீட்டில் மிஞ்சுவது ஃபால்ஸ் சீலிங். ரப்பர் அல்லது ஸ்பிரிங் வைத்த தொங்கிகளில் இரட்டைப் போர்டு, மேலே பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளி, அதில் பஞ்சு, ஓரமெல்லாம் சீலன்ட். விளக்குக்காகப் போர்டில் வட்டம் வட்டமாக வெட்டக்கூடாது. வெட்டினால் முன்பு பார்த்த பிளவுக் கணக்குதான். காங்கிரீட்டிலிருந்து நேராக வரும் சத்தம் இதில் நன்றாகவே குறையும். ஆனால் அடி விழுந்தவுடன் அதிர்வு சுவர்களுக்குள்ளும் இறங்கியிருக்கும்; அது சீலிங்கைத் தொடாமல் நான்கு பக்கமிருந்தும் வரும். அதனால் கிடைப்பது பலசமயம் 5 முதல் 10 டெசிபெல்.

குழந்தைகள் குதிப்பதும், வெறுங்காலில் குதிகால் ஊன்றி நடப்பதும் எழுப்பும் சத்தத்தில் பெரும்பகுதி 60 ஹெர்ட்ஸுக்கும் கீழே இருக்கிறது. மிதக்கும் தளத்தின் சொந்த அதிர்வெண்ணும் அங்கேதான். ஆகவே அந்தத் ‘தொம்’மில் நல்ல தளத்தால்கூட அதிகம் குறைக்க முடியாது. வழக்கமான ஒற்றை எண் மதிப்பீடு 100 ஹெர்ட்ஸிலிருந்துதான் கணக்கில் எடுக்கிறது என்பதால் இது தாளிலும் வராது. சான்றிதழில் 45 என்றிருக்கும் தளத்தின் கீழே உட்கார்ந்துகொண்டு ஒருவர் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்னால், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.